மோட்டார் ரூம் பூட்டு: சமரசப் பயிற்சி வகுப்பில் ஒரு கோபம் நிஜமானபோது

பின்னணி

கோவைக்குப் பக்கத்தில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு, தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் மாற்றுமுறைத் தீர்வு பாடத்தின் செய்முறை வகுப்பை நான் எடுக்கிறேன். இந்தியப் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி சட்டப்படிப்பில் இது கட்டாயப் பாடம். வழக்கை ஜெயிக்கவே நான்கைந்து வருடம் பயிற்சி எடுத்தவர்கள், இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து யார் பக்கமும் சாயாமல் பேசவைக்கக் கற்றுக்கொள்வது ரோல் பிளேயில்தான். ஒருவர் சமரசர், இரண்டு பேர் தரப்பினர், மூன்று பேர் கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறவர்கள். பொதுவான கதை எல்லோருக்கும் தெரியும். அதோடு ஒவ்வொரு தரப்புக்கும் தனியாக ஒரு ரகசியக் குறிப்பு உண்டு, அதை சமரசருக்குக் காட்டமாட்டோம்.

போன வருடம் நடந்த ஒரு பயிற்சியைத்தான் இங்கே எழுதுகிறேன். அதில் சமரசராகவும் தரப்பினராகவும் இருந்த மூன்று மாணவர்களிடமும் சம்மதம் வாங்கிவிட்டேன். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கதையை நானே எழுதினேன். காங்கேயம் பக்கம் ஒரு கூட்டுக்கிணறு, பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஆளுக்குப் பாதிப் பங்கு. நான்கு நாள் அண்ணன் முறை, நான்கு நாள் தம்பி முறை என்று அப்பாக்கள் காலத்திலிருந்தே தண்ணீர் பாய்ச்சி வருகிறார்கள். விவசாய மின் இணைப்பு சித்தப்பா பெயரில் இருக்கிறது, அவர் இறந்துவிட்டார். அண்ணன் முறையில் மோட்டார் காயில் எரிந்துபோகிறது. திரும்பக் காயில் கட்ட 14,000 ரூபாய். மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் போனபோதும் தம்பி பார்க்காமல் ஓட்டி ஓட்டித்தான் மோட்டார் கெட்டது, அதற்கு நான் ஏன் பாதி தரவேண்டும் என்கிறார் அண்ணன். தம்பி முழுப் பணத்தையும் கட்டி மோட்டாரை இறக்குகிறார், மறுநாள் மோட்டார் ரூமுக்குப் பூட்டுப் போடுகிறார். பதினோரு நாளாக அண்ணனின் இரண்டு ஏக்கர் மஞ்சளுக்குத் தண்ணீர் இல்லை. அண்ணன் வழக்குப் போட, நீதிமன்றம் சமரச மையத்துக்கு அனுப்புகிறது.

அண்ணன் பாத்திரத்தின் ரகசியக் குறிப்பில் "முதல் இருபது நிமிடம் கடுங்கோபத்தில் இருக்கவும்" என்று எழுதியிருந்தேன். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதை வருகைப் பதிவேட்டு வரிசைப்படிதான் கொடுத்தேன், அதற்கு மேல் யோசிக்கவில்லை.

முதல் இருபது நிமிடம்

10:20க்கு ஆரம்பித்தோம். சமரசராக இருந்த மாணவி கெட்டிக்காரி, தொடக்க உரையை மனப்பாடமாக வைத்திருந்தார். இங்கே பேசுவது வெளியே போகாது, நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை, பிடிக்கவில்லை என்றால் யாரும் எழுந்து போகலாம், ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிடக்கூடாது. எல்லாமே சரி, ஆனால் ஒன்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். அண்ணனாக இருந்த மாணவர் ஐந்தாவது நிமிடத்திலேயே நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டதைக் குறிப்பெடுத்தவர்களில் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் காயக் காயப் பதினோரு நாள் நின்றவனுக்கு ஒன்பது நிமிட விதிமுறை ரொம்ப நீளம்.

முதலில் அண்ணன் பேசினார், ஏழு நிமிடம், ஓரளவு நிதானமாகவே. அப்புறம் தம்பியின் முறை. தம்பி ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "சர்வீஸ் எங்கய்யன் பேர்ல இருக்குதுங்க, மோட்டாருக்குப் பணமும் நான்தான் கட்டினேன், அப்ப பூட்டற உரிமை எனக்கு இல்லீங்களா?"

10:39க்கு அண்ணன் மேசையைத் தட்டி எழுந்தார். "உங்கய்யன் பேரா? பேருதான்டா உங்கய்யன் பேரு! கெணத்த வெட்டுனது யாரு?"

சமரசர் முதலில் சொன்னது எல்லோரும் சொல்வதுதான்: "அமைதியா இருங்க, கோவப்படாதீங்க." குரல் ஏறியது. இரண்டாவது முறை சொன்னார், இன்னும் ஏறியது. மூன்றாவது முறை, "நான் முதல்லயே விதி சொன்னேன் இல்லீங்களா, குறுக்கிடக்கூடாதுன்னு" என்றார். அண்ணன் அவர் பக்கம் திரும்பி, "நீ யாரு எனக்கு விதி சொல்ல?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். நம்ம பக்கம் சண்டையில்கூட 'ங்க' போகாது. பெரியவர்கள்கூட வெளியாளிடம், அதுவும் ஒரு பெண்பிள்ளையிடம், "சொல்லுங்க அம்மிணி" என்றுதான் பேசுவார்கள். அண்ணன் தம்பியை 'டா' போட்டுப் பேசுவது பங்காளிக்குள் சகஜம், அதை வைத்துக் கோபத்தை அளக்கமுடியாது. சமரசரிடம் 'ங்க' கழன்று 'நீ' வந்ததுதான் அளவு. அதுவரை கோபம் தம்பி மேல் இருந்தது, அந்த நொடியில் அது நடுவில் உட்கார்ந்திருந்தவர் மேலும் பாய்ந்துவிட்டது. "கோவப்படாதீங்க" என்ற சொல் கோபக்காரன் காதில் "உன் கோபம் நியாயமில்லை" என்றுதான் விழும். விதியை நினைவூட்டினால் "நீதான் இங்கே குற்றவாளி" என்று விழும். சமரசர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், ஆனால் எதிரில் இருந்தவருக்கு அவர் தம்பியின் ஆளாகத் தெரிந்தார்.

நிறுத்துவதா, விடுவதா

பயிற்சியை எந்த நேரத்திலும் நிறுத்தும் அதிகாரம் எனக்கு உண்டு. கையைத் தூக்கினால் எல்லோரும் உறைந்துவிடுவார்கள், ஐந்து நிமிடம் பின்னால் போய் மறுபடி ஆரம்பிக்கலாம். அன்று தூக்கவில்லை. சமரசர் தடுமாறினாலும் தன் தாளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அண்ணனின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். தானாகவே வழி கண்டுபிடிக்கப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்த முடிவு அவருக்கு நல்லதாக அமைந்தது. இன்னொருவருக்கு அப்படி அமையவில்லை, அதற்கு வருகிறேன்.

அவருக்கு இன்னொரு வழியும் இருந்தது. சத்தம் வந்ததும் இருவரையும் பிரித்துத் தனி அமர்வுக்குப் போய்விடுவது. புதியவர்கள் எல்லோருமே இதற்குத்தான் ஓடுவார்கள். சில நேரம் அதுவே சரி. மிரட்டல் வந்தால், கை ஓங்கினால், ஒரு தரப்பு பயந்து ஒடுங்கினால் பிரித்தே ஆகவேண்டும். இங்கே தம்பி பயப்படவில்லை, கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சமயத்தில் பிரித்திருந்தால், அண்ணன் எதற்காகக் கத்துகிறார் என்பது தம்பி காதில் விழாமலே போயிருக்கும்.

கோபம் இறங்கியது எப்படி

10:43. சமரசர் பேனாவைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. குறிப்பெடுத்தவர் அந்த மௌனத்தைப் பதினைந்து விநாடி என்று எழுதியிருக்கிறார். எழுந்து நின்றவர் அந்த மௌனத்தில் தானாக உட்கார்ந்தார்.

அப்புறம் சமரசர் கேட்டார். குரல் முன்பைவிடத் தாழ்ந்திருந்தது, வேகமும் பாதியாகக் குறைந்திருந்தது. "அண்ணா, நான் புரிஞ்சுக்கிட்டது சரியான்னு சொல்லுங்க. மஞ்சள் காயறதவிட, ஒரு வார்த்தை சொல்லாம பூட்டுப் போட்டுட்டாருங்கறதுதான் உங்களுக்கு ஆறலை. அப்படிங்களா?"

"பூட்டு இல்லீங்க" என்றார் அண்ணன்.

'ங்க' திரும்பி வந்துவிட்டது.

"பூட்டு கெடக்குது. எங்கய்யன் கடப்பாரை பிடிச்சு வெட்டுன கெணறு அது. எம்பது அடி. பாறை வந்தப்ப வெடி வெச்சு, ஒரு விரல் போச்சு அவருக்கு. அந்தக் கெணத்துக்கு நான் சாவி கேட்டு நிக்கோணுமா?"

சமரசரின் ஊகம் தவறு. பூட்டுப் போட்ட விதம்தான் பிரச்சினை என்று நினைத்திருந்தார். ஆனால் தவறான ஊகமே வேலை செய்தது, ஏனென்றால் அதைக் கேள்வியாகக் கேட்டார். "இல்லீங்க, அது இல்ல" என்று ஒருவர் திருத்த ஆரம்பித்துவிட்டால், எதிரில் இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கிவிட்டார் என்று பொருள். கத்துகிறவன் திருத்தமாட்டான். அதையே அடித்துச் சொல்லியிருந்தால், "உங்களுக்குப் பூட்டுதான் பிரச்சினை" என்று முடித்திருந்தால், மறுபடி மேசைதான் அதிர்ந்திருக்கும்.

அடுத்து சமரசர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அய்யன் விரல் போன கெணத்துக்கு, சாவி கேட்டு நிக்கற மாதிரி ஆயிடுச்சுன்னு நெனக்கறீங்க." கேட்டதையே அவர் வார்த்தையிலேயே திருப்பிக் கொடுத்தார், வேறெதுவும் சேர்க்கவில்லை. அண்ணன் தலையை ஆட்டினார், முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

கோபம் இறங்கியதைச் சத்தத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது, சிலர் கோபம் முற்றும்போதுதான் குரலைத் தாழ்த்துவார்கள். அன்று குறிப்பெடுத்த மூவரும் தனித்தனியாக எழுதியதை ஒப்பிட்டுப் பார்த்தேன். தம்பியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர் சமரசரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். 'எப்பவுமே', 'ஒரு நாளும்' என்ற பேச்சு போய் எம்பது அடி, பாறை, வெடி என்று விவரங்கள் வர ஆரம்பித்தன. வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விழுந்தது. இப்படி விவரம் வர ஆரம்பித்த பிறகுதான் கேள்வி கேட்டால் பதில் வரும்.

இன்னொரு பக்கம்

ஆனால் உடனே ஒரு சிக்கல் முளைத்தது, இதைத்தான் வகுப்பில் பலரும் கவனிக்கத் தவறினார்கள். தம்பி சிரித்தபடி, ஆனால் காரமாக, "அப்ப நீங்களே முடிவு பண்ணீட்டீங்களா அம்மிணி? சொல்லாம பூட்டினேன்னு?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். சமரசரின் முதல் கேள்வியில் "ஒரு வார்த்தை சொல்லாம பூட்டுப் போட்டுட்டாரு" என்பது நடந்த உண்மைபோல வந்துவிட்டது. தம்பியின் ரகசியக் குறிப்பில், பூட்டுவதற்கு முந்தின நாள் அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொல்லிவிட்டு வந்ததாக நான் எழுதியிருந்தேன். உணர்ச்சியை ஒப்புக்கொள்வது வேறு, நடந்ததை ஒப்புக்கொள்வது வேறு. இரண்டாவது வாக்கியத்தில் "நெனக்கறீங்க" என்று முடித்தது சரி, அந்த ஒரு சொல் முதல் வாக்கியத்திலும் இருந்திருக்கவேண்டும்.

சமரசர் சமாளித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. தற்காப்பாக எதுவும் பேசவில்லை. "இல்லீங்க, அது அண்ணன் பக்கத்துல இருந்து தெரியறது. உங்க பக்கத்துல இருந்து இன்னும் நான் கேக்கவே இல்லை. இப்ப உங்ககூடத் தனியா உக்காரலாங்களா?" என்றார். அண்ணனிடம், அவருக்கும் இதே அளவு நேரம் உண்டு என்று சொல்லிவிட்டுத் தம்பியை முதலில் அழைத்துக்கொண்டார்.

வழக்கமாக வழக்குப் போட்டவரைத்தான் முதலில் அழைப்பது. ஆனால் அங்கே அண்ணனை முதலில் அழைத்திருந்தால், கத்துகிறவனுக்குத்தான் முதல் மரியாதை என்று தம்பி எடுத்துக்கொண்டிருப்பார். பதினைந்து நிமிடமாக வாயை மூடிக்கொண்டு கேட்டவருக்கு முதல் இடம் கொடுத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தனி அமர்வுகளும் முடிவும்

10:55லிருந்து தம்பியோடு பதினேழு நிமிடம், அப்புறம் அண்ணனோடு அதே அளவு. தம்பியின் பயம் பணம் பற்றியது மட்டும் இல்லை. பூட்டு இல்லாவிட்டால் மறுபடி யாராவது ஒரு பேஸ் போனது தெரியாமல் மோட்டாரை ஓட்டி எரித்துவிடுவார்கள், மறுபடி தன் தலையில்தான் விழும் என்பது. சமரசர் அவரிடம் ஒரே ஒரு கடினமான கேள்வி கேட்டார்: இன்னும் பத்து நாள் தண்ணீர் போகாமல் மஞ்சள் போய்விட்டால், அண்ணன் கோர்ட்டில் எதையெல்லாம் கேட்பார்? தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தக் கேள்வியைக் கூட்டு அமர்வில் கேட்டிருந்தால் அது மிரட்டல் ஆகியிருக்கும், தனியாகக் கேட்டதால் கணக்காக இருந்தது.

அண்ணனுக்கு வேண்டியது சாவி. தண்ணீர் அப்புறம்.

11:50க்குள் முடிந்தது. இரண்டு சாவி, ஆளுக்கு ஒன்று. 14,000த்தில் பாதியான 7,000த்தை அண்ணன் மஞ்சள் விற்றதும் இரண்டு தவணையில் தருவார். ஒரு பேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியைப் பாதிப் பாதிச் செலவில் பொருத்துவார்கள். மோட்டார் ரூமில் ஒரு நோட்டு, ஓட்டியவர் போட்ட நேரமும் நிறுத்திய நேரமும் எழுதவேண்டும். போன பதினோரு நாளுக்கு ஈடாக அடுத்து வரும் தம்பி முறையும் அண்ணனுக்கு. மின் இணைப்பை யார் பெயருக்கு மாற்றுவது என்பதில் உடன்பாடு வரவில்லை, அதை எழுதாமல் விட்டார்கள். அவசரப்பட்டு அதையும் சேர்க்காதது நல்லது. நிஜ வழக்காக இருந்தால் இந்த ஒப்பந்தம் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பாணையாகும், தெளிவில்லாத ஒரு வரி மொத்தத்தையும் மறுபடி சண்டைக்கு இழுத்துவிடும்.

வகுப்பு கை தட்டியது. நானும் தட்டினேன்.

முடிந்த பிறகு தெரிந்தது

எல்லோரும் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அண்ணனாக இருந்த மாணவர் அதே நாற்காலியில் இருந்தார். ரகசியக் குறிப்புத் தாளை எட்டாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். விரல் நடுங்கியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நல்லா பண்ணினப்பா என்றேன்.

"அது குறிப்புல இல்லீங்க சார்" என்றார்.

எது என்று கேட்டேன். "விரல். கடப்பாரை. அதெல்லாம் குறிப்புல இல்ல. எங்க தாத்தா கதைங்க அது. எங்கய்யனும் பெரியப்பாவும் கெணத்தாலதான் பேச்சு வார்த்தை இல்லாம இருக்கறாங்க. எனக்கு வெவரம் தெரிஞ்சதுல இருந்து அப்படித்தான்."

நான் எழுதிய கதையில் கிணற்றை வெட்டியது இருவருக்கும் பொதுவான தாத்தா, அதுவும் கூலிக்கு ஆள் வைத்து. விரல் கிடையாது, வெடி கிடையாது. ஒரு தரப்பு தன் குறிப்பை விட்டு வெளியே போய் இவ்வளவு துல்லியமான விவரம் சொல்கிறது என்றால், அந்த இடத்திலேயே நான் கவனித்திருக்கவேண்டும். குறிப்பெடுத்தவர்களில் ஒருவர் ஓரத்தில் "விரல்? குறிப்பில் உண்டா?" என்று எழுதியும் வைத்திருந்தார். நான் அதை நல்ல நடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். "கடுங்கோபத்தில் இருக்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்து, அந்தக் கோபத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை ஒரு இருபத்தொரு வயதுப் பையனிடமே விட்டுவிட்டேன். அவன் வீட்டிலிருந்து எடுத்தான்.

சமரசர் அன்று அமைதிப்படுத்தியது பாத்திரத்தை அல்ல, அந்தப் பையனைத்தான். அவருக்கு இது தெரியாது, தெரியாமலே சரியாகச் செய்தார். பின்னால் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது, "அப்ப நான் மறுநாள் அவங்ககிட்ட பேசியிருக்கோணும்" என்றார். அது அவர் வேலை இல்லை, என் வேலை. அன்று மாலை அந்த மாணவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், பாடம் எதுவும் பேசவில்லை. கல்லூரி ஆலோசகரைப் பார்க்கிறாயா என்று கேட்டேன், முதலில் வேண்டாம் என்றார், அடுத்த வாரம் போனார். வீட்டில் பேச்சு வார்த்தை இன்னும் அப்படியேதான் இருக்கிறதாம்.

மாற்றியவை

முதலில் என் குறிப்புத் தாள். "கோபமாக இருக்கவும்" என்பதை எடுத்துவிட்டேன். இப்போது கோபத்துக்கான காரணத்தை எழுதுகிறேன்: எத்தனை நாள், எவ்வளவு பணம், யார் என்ன சொன்னார், ஊரில் யார் பார்த்தார்கள். காரணம் தாளில் இருந்தால் கோபத்தை வேறெங்கும் தேடிப்போக வேண்டியதில்லை.

தொடக்க உரைக்கு நான்கு நிமிடம்தான். விதிகளில் குறுக்கிடாமை பற்றியதை "உங்களுக்கும் இதே நேரம் உண்டு, அதுவரை தோணறதை எழுதி வெச்சுக்குங்க" என்று மாற்றச் சொன்னேன், ஆளுக்கொரு தாளும் பேனாவும் முன்னால் வைக்கிறோம்.

பயிற்சி முடிந்ததும் கை தட்டல் கிடையாது. தரப்பினர் இருவரும் எழுந்து நாற்காலி மாறி உட்காரவேண்டும், குறிப்புத் தாளை என்னிடம் திருப்பித் தரவேண்டும், தன் சொந்தப் பெயரையும் இன்று மதியம் என்ன சாப்பிடப்போகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். சின்னப்பிள்ளை விளையாட்டுபோல இருக்கும், முதல் தடவை சிரித்தார்கள். ஆனால் இரண்டு நிமிடத்தில் தோள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறேன். அதற்குப் பிறகுதான் விவாதம்.

குறிப்பெடுக்கும் மூவரில் ஒருவருக்குத் தரப்பினரின் தாளையும் கொடுக்கிறேன். தாளில் இல்லாத விவரம் தொடர்ந்து வந்தால் எனக்குக் கை காட்டவேண்டும், அப்போது நான் நிறுத்திவிட்டு அவரிடம் தனியாக "தொடரலாமா?" என்று கேட்பேன்.

கதைச் சுருக்கத்தை இரண்டு நாள் முன்னதாகவே எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். வேண்டாம் என்று நினைப்பவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும், காரணம் கேட்பதில்லை. கிணற்றுக் கதையை விடவில்லை, நம்ம பக்கம் வக்கீலாகப் போகிறவர்கள் அதைச் சந்திக்காமல் இருக்கமுடியாது. இந்தப் பருவத்தில் இரண்டு பேர் பாத்திரம் மாற்றிக் கேட்டார்கள், மாற்றிக் கொடுத்தேன்.